நெதர்லாந்திலிருந்து லாகின் செய்தது நீங்கள்தான்

வாசகர் கேள்வி

சார், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நைட்டி, குர்த்தி கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக ஒரு ஆன்லைன் தளத்திலும் விற்கிறோம். அந்தக் கணக்கை நானும் என் தம்பியும் ஒரே பாஸ்வேர்டில் பார்த்துக்கொள்வோம். போன மாதம் சரக்கு பார்க்க பாங்காக் போனேன். ஹோட்டல் வைஃபையில் திருட்டு நடக்கும் என்று சொன்னார்கள், அதனால் ஒரு இலவச விபிஎன் போட்டு அதில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தேன். கொஞ்ச நேரத்தில் 'நெதர்லாந்திலிருந்து லாகின்' என்று மெயில் வந்தது, கணக்கிலிருந்து வெளியே தள்ளிவிட்டது. ஓடிபி கடை சிம்முக்குப் போனது. தம்பி போனில் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. விபிஎன்னில் வேறு வேறு நாடு மாற்றிப் பார்த்தேன். கடைசியில் மெயில் வழியாக பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போய், பணம் போய்விடுமோ என்ற பயத்தில் பேங்க் கணக்கை மாற்ற முயன்றேன். அதோடு கணக்கு முடங்கிவிட்டது. தம்பி அவன் பெயரில் புதுக் கணக்கு தொடங்கினான், அதுவும் போய்விட்டது. இது ஹேக்கர் வேலையா, இல்லை எதிர்க்கடைக்காரர் ரிப்போர்ட் அடித்துவிட்டாரா? வக்கீல் நோட்டீஸ் விடலாமா? அடுத்த மாதம் திரும்பவும் போக வேண்டியிருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டுகள் இணைத்திருக்கிறேன்.

— பெயர் வேண்டாம், சென்னை 21

பதில்

முதலில் எதிர்க்கடைக்காரரை விட்டுவிடுங்கள், அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யாராவது புகார் கொடுத்து முடக்கினால் எந்தப் பொருள், எந்த விதி என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள். உங்களுக்கு வந்த மெயிலில் 'வழக்கத்துக்கு மாறான உள்நுழைவு' என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஹேக்கரும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஸ்கிரீன்ஷாட்டில் அந்த நெதர்லாந்து லாகினுக்குப் பக்கத்தில் இருக்கும் போன் மாடல் உங்களுடையது, நேரமும் நீங்கள் விபிஎன் போட்ட நேரம். வந்தது யார் என்று பார்க்க நாட்டின் பெயரை நம்பாதீர்கள், நேரத்தையும் கருவியின் பெயரையும் பாருங்கள். இரண்டும் உங்களோடு ஒத்துப்போனால் அது நீங்கள்தான். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், உங்களிடம் இல்லாத ஒரு கம்ப்யூட்டரிலிருந்து என்று இருந்தால் மட்டும்தான் வேறு ஆள்.

சரி, நெதர்லாந்து எங்கிருந்து வந்தது? விபிஎன் போட்டால் உங்கள் இணைப்பு வேறோர் இடத்தில் இருக்கும் சர்வர் வழியாகப் போகும், தளத்துக்குத் தெரிவது அந்த சர்வரின் இணைய முகவரிதான். நீங்கள் இந்தியாவைத்தானே தேர்ந்தெடுத்தீர்கள்? இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். இலவச விபிஎன்களில் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் பல நேரம் அலங்காரம்தான். அந்த இடத்தில் கூட்டம் அதிகமானாலோ இணைப்பு அறுந்தாலோ சத்தமில்லாமல் எங்கே இடம் காலியோ அங்கே மாற்றிவிடும். காசு கொடுத்து வாங்கும் விபிஎன்னிலும் 'இந்தியா' என்று போட்டிருப்பது இந்தியாவில் இருக்க வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது: விபிஎன் நடத்துபவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று. அதை ஏற்காமல் எக்ஸ்பிரஸ் விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட் விபிஎன் போன்ற பெரிய நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துவிட்டன. அதற்கப்புறம் சில நிறுவனங்கள் தரும் 'இந்திய' முகவரி, சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கும் இயந்திரத்துக்கு இந்தியப் பெயர்ப் பலகை மாட்டியதுதான். அந்த முகவரி எந்த ஊர் என்று சொல்லும் தரவுத்தளங்கள் பல இருக்கின்றன, ஒன்று இந்தியா என்கும், இன்னொன்று வேறு நாடு என்கும். உங்கள் தளம் எதைப் பார்க்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, விபிஎன் கம்பெனிக்கும் தெரியாது.

அந்த அரை மணி நேரத்தில் இயந்திரம் பார்த்தது

உங்கள் ஸ்கிரீன்ஷாட்டுகளை இந்திய நேரப்படி அடுக்கிப் பார்த்தேன். மாலை 5:40, கடை பிராட்பேண்டில் தம்பி ஆர்டர் பார்க்கிறார், சென்னை. 5:52, விபிஎன் போடுவதற்கு முன் ஹோட்டல் வைஃபையில் நீங்கள் ஆப்பைத் திறக்கிறீர்கள், பாங்காக். 6:05, அதே கணக்கு, நெதர்லாந்து.

சென்னைக்கும் பாங்காக்குக்கும் சுமார் 2,200 கிலோமீட்டர். பன்னிரண்டு நிமிடத்தில் அதைக் கடக்க மணிக்கு 11,000 கிலோமீட்டர் வேகம் வேண்டும். பயணிகள் விமானம் போவது 900 சொச்சம். அடுத்த பதின்மூன்று நிமிடத்தில் இன்னும் ஒன்பதாயிரம் கிலோமீட்டர். இரண்டு லாகின்களுக்கு இடையிலான தூரத்தை நேரத்தால் வகுத்து, மனிதனால் முடியாத வேகம் வந்தால் கொடி தூக்குவது இந்தத் துறையில் ரொம்பப் பழைய, ரொம்பப் பரவலான சோதனை. நடக்கவே முடியாத பயணம் என்று நாங்கள் இதைச் சொல்வோம். ஒரே பாஸ்வேர்டை அக்காவும் தம்பியும் பகிர்ந்துகொண்டால், ஒருவர் வெளிநாடு போன நிமிடமே இந்தக் கணக்கு உதைக்கும். விபிஎன் இல்லாவிட்டாலும் உதைத்திருக்கும், ஆனால் முடங்கும் அளவுக்குப் போயிருக்காது என்றுதான் தோன்றுகிறது.

ஏனென்றால் ஒரு கொடியை வைத்து யாரையும் வெளியே தள்ளுவதில்லை. இப்படிச் செய்தால் ஊர் விட்டு ஊர் போகிற எல்லோரும் மாட்டுவார்கள். ஒவ்வொரு லாகினுக்கும் ஒரு சந்தேக மதிப்பெண் போடுவார்கள், அதில் தூரம் ஒரு பங்கு மட்டும்தான். முகவரி எந்த மாதிரி நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்பது அடுத்தது: வீட்டு பிராட்பேண்டா, மொபைல் கம்பெனியா, சர்வர்களை வாடகைக்கு விடும் டேட்டா சென்டரா? சாதாரண ஆள் எவரும் டேட்டா சென்டருக்குள் உட்கார்ந்து நைட்டி ஆர்டர் பார்ப்பதில்லை, எனவே அங்கிருந்து வருவது விபிஎன் அல்லது தானியங்கி நிரல் என்று கணக்கு. அதோடு, இலவச விபிஎன்னின் ஒரே முகவரியில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் நிற்பார்கள். திருடிய பாஸ்வேர்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணக்காகத் தட்டிப் பார்க்கிற ஆட்களுக்கும் அதுதான் புகலிடம். அவர்கள் காலையில் அந்த முகவரியைக் கெடுத்து வைத்திருப்பார்கள், மாலையில் நீங்கள் போய் அதே முகவரியில் நிற்கிறீர்கள்.

கடைசிப் பங்கு, நீங்கள் உள்ளே வந்த பிறகு என்ன செய்தீர்கள் என்பது. உங்களுக்கு நிஜமாகவே வினையானது இதுதான். விழுப்புரத்தில் இருந்து வருடக்கணக்காகச் சரக்கு எடுக்கும் வியாபாரி, ஒருநாள் தெரியாத நம்பரிலிருந்து கூப்பிட்டு, குரலும் சரியாக அடையாளம் தெரியாமல், 'என் நம்பர் மாறிவிட்டது, இந்தத் தடவை வேறு லாரி சர்வீஸில் வேறு விலாசத்துக்குக் கடனில் அனுப்புங்கள்' என்றால் நீங்கள் பண்டல் கட்டுவீர்களா? மாட்டீர்கள். அவர் அதே வியாபாரியாகவே இருந்தாலும் முதலில் நிறுத்தி வைப்பீர்கள். புது நாடு, கெட்ட பெயர் எடுத்த முகவரி, தவறிய ஓடிபி, அடுத்தடுத்து நாடு மாறும் முயற்சிகள், மெயில் வழியாகப் பாஸ்வேர்டு மாற்றம், அது முடிந்த கையோடு பேங்க் கணக்கு மாற்றம். கணக்கைப் பிடுங்குகிற திருடன் செய்வதும் இதே வரிசைதான், இதே அவசரத்தில்தான். விற்பனையாளர் பணம் அடுத்து எந்தக் கணக்குக்குப் போகப்போகிறது என்பது மாறினால், மனிதர் ஒருவர் பார்த்து முடிவெடுக்கும் வரை காத்திருக்க முடியாது, அதற்குள் பணம் போய்விடும். அதனால்தான் இந்த இடத்தில் இயந்திரமே நிறுத்துகிறது. உங்கள் பணத்தைக் காப்பாற்ற நீங்கள் செய்த காரியமே உங்களைத் திருடனாகக் காட்டியது. நியாயமில்லைதான், ஆனால் அந்த மாற்றத்தை அது அனுமதித்திருந்தால் அடுத்த வாரம் வேறு ஒரு வாசகர் எனக்கு இதைவிட மோசமான கடிதம் எழுதியிருப்பார்.

இடையில் ஓடிபி கேட்டதைக் கவனித்தீர்களா? மதிப்பெண் நடுவில் இருக்கும்போது இயந்திரம் தரும் வாய்ப்பு அது. அப்போதே விபிஎன்னை அணைத்துவிட்டு, தம்பியைப் போனில் பிடித்துவைத்துக்கொண்டு புது ஓடிபி கேட்டிருந்தால் பெரும்பாலும் அங்கேயே முடிந்திருக்கும்.

தம்பி தொடங்கிய கணக்கு ஏன் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் காரணம், அதே போன், அதே பிராட்பேண்ட், அநேகமாக அதே ஜிஎஸ்டி எண். முடக்கப்பட்டவர் வேறு பெயரில் திரும்பி வருகிறார் என்று பல தளங்களும் இப்படித்தான் இணைத்துப் பார்க்கின்றன. இன்னொன்று, புதுக் கணக்குக்கு 'வழக்கம்' என்று ஒன்று கிடையாது. மைக்ரோசாஃப்டின் அலுவலகக் கணக்குகளுக்கான பாதுகாப்புச் சேவையில் ஒரு பயனரின் பழக்கத்தை இயந்திரம் கற்றுக்கொள்ள 14 நாள் அல்லது 10 லாகின், எது முதலில் வருகிறதோ அது வரை எடுத்துக்கொள்கிறது. மற்ற இடங்களில் அளவு வேறாக இருக்கலாம், ஆனால் கடந்த காலம் இல்லாத கணக்குக்கு சலுகையும் இல்லை என்பது எங்கும் பொது.

இப்போது செய்ய வேண்டியது

இரண்டு மூன்று நாளைக்கு எதையும் தொடாதீர்கள். ஒவ்வொரு தோல்வி முயற்சியும் மதிப்பெண்ணை ஏற்றுகிறது, நிறைய இடங்களில் காத்திருப்பு நேரத்தையும் நீட்டுகிறது. தம்பியிடமும் சொல்லிவிடுங்கள், மூன்றாவது கணக்கு எதுவும் வேண்டாம்.

அப்புறம், கடையில் உட்கார்ந்து, கடை பிராட்பேண்டில், பல மாதமாக அந்தக் கணக்கைத் திறந்து பழகிய அதே போன் அல்லது கம்ப்யூட்டரின் அதே பிரவுசரிலிருந்து மீட்புப் படிவத்தைத் திறங்கள். கூகுளே தன் கணக்கு மீட்புக்கு இதைத்தான் சொல்கிறது: பழகிய கருவி, பழகிய பிரவுசர், பழகிய இடம். 'எதற்கும் சுத்தமாக இருக்கட்டும்' என்று, தளம் உங்கள் பிரவுசரில் விட்டுவைத்திருக்கும் அடையாளக் கோப்புகளான குக்கீகளை அழித்துவிடாதீர்கள், இன்காக்னிடோவிலும் திறக்காதீர்கள். அந்தக் குக்கீதான் இது பழைய கருவி என்பதற்கு உங்களிடம் இருக்கும் சாட்சி.

மேல்முறையீடு ஒன்றே ஒன்று அனுப்புங்கள். ஐந்து அனுப்பினால் ஐந்து பேர் பார்க்க மாட்டார்கள், பல இடங்களில் வரிசையில் பின்னுக்குத்தான் போகும். புலம்பல் வேண்டாம், பார்ப்பவருக்குச் சரிபார்க்க முடிகிற விஷயம் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், சாரம் இப்படி இருக்கட்டும்:

"இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை நான் பாங்காக்கில் இருந்தேன், போர்டிங் பாஸ் இணைப்பில். இன்ன மாடல் போனில் ஹோட்டல் வைஃபையும் ஒரு விபிஎன்னும் பயன்படுத்தினேன், நெதர்லாந்து என்று பதிவான லாகின் என்னுடையது. அதே நேரம் சென்னைக் கடையிலிருந்து என் தம்பியும் இதே கணக்கில் இருந்தார். பேங்க் கணக்கு மாற்றத்தை நான்தான் முயன்றேன், அது தேவையில்லை, பழைய கணக்கே இருக்கட்டும். தம்பி பெயரில் தொடங்கியது தவறான புரிதலால், அதை மூடச் சம்மதம். ஜிஎஸ்டி சான்றும் அடையாளச் சான்றும் இணைப்பில்."

பாஸ்வேர்டைப் பகிர்ந்ததை ஒப்புக்கொண்டால் அதுவே விதிமீறல் ஆகாதா என்று தயங்குவீர்கள். பல தளங்களில் விதிமீறல்தான், அந்த அபாயம் இருக்கிறது. ஆனாலும் சொல்லுங்கள் என்பதே என் கருத்து, சென்னையும் பாங்காக்கும் ஒரே நேரத்தில் ஏன் வந்தன என்பதற்கு வேறு விளக்கமே கிடையாது, பதிவு அவர்களிடம் இருக்கிறது. யாரோ சொல்லிக்கொடுத்தார்கள் என்று 'என் கணக்கை ஹேக் செய்துவிட்டார்கள்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது வேறு வரிசை, அங்கே உங்கள் போனையே திருடனின் கருவியாகப் பதிந்துவிடக்கூடும். அந்தப் போனிலிருந்து திரும்ப உள்ளே போவது பெரும்பாடு.

வக்கீல் நோட்டீஸ்

நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்த வழியில் போனவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். சந்தேகத்தின் பேரில் தற்காலிகமாக நிறுத்த, நீங்கள் சேரும்போது ஒப்புக்கொண்ட நிபந்தனைகளிலேயே இடம் இருக்கும், எனவே முதல் அடியாக நோட்டீஸ் பெரிதாக உதவாது. அதற்கு முன் காசில்லாத ஒரு வழி இருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இப்படிப்பட்ட தளங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் முடிவில் திருப்தி இல்லையென்றால், அது கிடைத்த 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம், முகவரி gac.gov.in. அந்த 30 நாளைத் தவற விடாதீர்கள், சாதாரண வாடிக்கையாளர் சேவையோடு சாட்டில் பேசிக்கொண்டிருப்பதை இந்தப் புகாராக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நீங்கள் ஏற்கெனவே அனுப்பி முடித்த சரக்குக்கான பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்பது தனி விஷயம். அப்படி இருந்தால், ஆர்டர் வாரியாகத் தொகையை எழுதிவைத்துக்கொண்டு அதற்கு மட்டும் வக்கீலைப் பாருங்கள். அந்த வழக்குக்கு வலு உண்டு.

அடுத்த மாதம் போகும்போது

தம்பிக்குத் தனி லாகின் வேண்டும். விற்பனைத் தளங்கள் பெரும்பாலானவற்றில் ஊழியர் கணக்கு சேர்க்கும் வசதி இருக்கிறது, அமைப்புகள் பக்கத்தில் தேடுங்கள். அவர் சென்னையில் அவர் பெயரில், நீங்கள் பாங்காக்கில் உங்கள் பெயரில் இருந்தால், நடக்க முடியாத பயணம் என்ற பேச்சே வராது.

ஓடிபியைக் கடை சிம்மிலிருந்து பிரித்துவிடுங்கள். குறியீட்டைப் போனிலேயே உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப், அல்லது போன் பூட்டைத் திறப்பதுபோலவே லாகின் செய்ய விடும் பாஸ்கீ, உங்கள் போனிலேயே இருக்கும், சிக்னல் வேண்டாம், தம்பி வேண்டாம். தளம் மீட்புக் குறியீடுகள் தந்தால் அச்செடுத்துப் பாஸ்போர்ட் கவரில் வையுங்கள்.

இணைப்பு விஷயத்தில் ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. இந்திய சிம்மில் ரோமிங் டேட்டா போட்டு வெளிநாட்டில் இருந்தால், அந்த டேட்டா பொதுவாக உங்கள் கம்பெனியின் இந்திய வாசல் வழியாகத்தான் இணையத்துக்குப் போகும். நீங்கள் பாங்காக் பிரதுனாம் சந்தையில் நின்றுகொண்டு ஆப்பைத் திறந்தாலும் தளத்துக்குத் தெரிவது இந்திய முகவரி, அதுவும் நீங்கள் எப்போதும் பயன்படுத்தும் அதே மொபைல் கம்பெனியின் முகவரி. வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் ஏறித் தண்டையார்பேட்டையில் இறங்கும்போதே மொபைல் முகவரி பெங்களூரு, மும்பை என்று காட்டுவது உண்டு. மொபைல் நெட்வொர்க்கில் ஊர் சரியாகத் தெரியாது என்பது இயந்திரத்துக்கும் தெரியும், அதைப் பெரிதுபடுத்தாது. எனவே விற்பனைக் கணக்கைப் பார்க்க மட்டும் ரோமிங் போதும், அதற்கு டேட்டாவும் கொஞ்சம்தான் ஆகும். ஆனால் இதே காரணத்தால், ரோமிங்கிலும் ஹோட்டல் வைஃபையிலும் மாறி மாறி அதே ஆப்பைத் திறந்தால் இந்தியா, தாய்லாந்து, இந்தியா என்று குதிக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள். பயணிகளுக்கென்று விற்கும் இ-சிம்களில் கவனம், அவற்றில் சில மூன்றாவது ஒரு நாட்டின் வழியாக வெளியே வரும், தாய்லாந்தில் வாங்கியது ஹாங்காங் என்று காட்டலாம்.

ஹோட்டல் வைஃபை பயத்தைப் பற்றி: இன்றைக்கு ஒழுங்கான ஆப்பும் இணையதளமும் உங்கள் போனிலிருந்து சர்வர் வரை மறைகுறியாக்கித்தான் அனுப்புகின்றன. பக்கத்து அறைக்காரரால் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று ஊகிக்க முடியலாம், பாஸ்வேர்டைப் படிக்க முடியாது. இதற்காக ஊர் பேர் தெரியாத இலவச விபிஎன்னிடம் மொத்த இணைப்பையும் ஒப்படைப்பது இருந்த ஆபத்தைக் கூட்டுகிற வேலை. உங்கள் இணைப்பையே பிறருக்கு வாடகைக்கு விடுகிற இலவச விபிஎன்களும் உண்டு, அப்போது யாரோ செய்யும் வேலைக்கு உங்கள் வீட்டு இணைய முகவரியின் பெயர் கெட்டுப்போகும். நீங்கள் போட்ட அந்த இலவச விபிஎன்னைப் போனிலிருந்து நீக்கிவிடுங்கள். வேறு காரணத்துக்கு விபிஎன் வேண்டுமென்றால் நல்லதாக ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, குறிப்பிட்ட ஆப்புகளை அதிலிருந்து விலக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து, விற்பனை ஆப்பையும் பேங்க் ஆப்பையும் விலக்கி வையுங்கள்.

கிளம்புவதற்கு முன் கடையிலேயே லாகின் செய்து, லாக் அவுட் செய்யாமல் அப்படியே கொண்டுபோங்கள். வெளியே இருக்கும்போது பாஸ்வேர்டு, போன் நம்பர், மெயில், பேங்க் விவரம் எதையும் மாற்றாதீர்கள். என்ன பயம் வந்தாலும் கடையில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டு அவர் லாகினில் பார்க்கச் சொல்லுங்கள். புது போன் வாங்குவதாக இருந்தால் பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வாங்கி, அதில் கடையிலிருந்து தினமும் ஆர்டர் பார்த்துப் பழக்கிவிடுங்கள். விமான நிலையத்தில் வாங்கிய போனில், பாங்காக்கில் இறங்கி, முதல் முறையாக லாகின் செய்தால் மறுபடியும் எனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.